மீன்கடையில் திறக்கும் வாய்

ஐம்பது வயதுக்கு மேல் நாக்கு வளையாது என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எதிர்த்துப் பேசாத தீர்ப்பு. அதற்கு ஓர் இரட்டைப் பிறவியும் உண்டு: தப்பும் தவறுமாகப் பேசி மானம் போவதைவிட, முதலில் ஒழுங்காகக் கற்றுக்கொள், பிறகு வாயைத் திற. மொழி வகுப்புக்குப் போகும் பெரியவர்களைப் பிள்ளைகள் இப்படித்தான் எச்சரிக்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்களில் பலரும் இதை நம்பியே பாடம் நடத்துகிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது, தவறு மட்டுமல்ல, கற்பதையே முடக்கிப் போடுவது.

கோத்தா திங்கியில் இதைப் பேசக் காரணம் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் செம்பனைத் தோட்டங்களில் வாழ்நாளைக் கழித்து, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் தமிழர்கள் உண்டு. மெர்டேக்காவுக்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள, கூட்டரசு அரசமைப்பின் 16ஆவது பிரிவு மலாய்மொழியில் தொடக்கநிலை அறிவு கேட்கிறது. வெளியே பிறந்து இங்கே குடியேறியவருக்கு 19ஆவது பிரிவு. அதில் போதுமான அறிவு வேண்டும். எழுத்துத் தேர்வைவிட இவர்களை மிரட்டுவது அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்து பேசுவதுதான். அதற்காகவே எழுபதைத் தொடும் வயதில் மாலை வகுப்புக்கு வருகிறார்கள். வந்து, பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவர்களுக்கு மலாய் தெரியாதா? ஒரு காலைப்பொழுது சந்தைக்குப் போய்ப் பாருங்கள். நாற்பது வருஷம் உதிரிப்பழம் பொறுக்கிய அம்மா மீன்கடை முன்னால் நிற்கிறார். "இக்கான் இனி பெராப்பா?" என்கிறார். விலை சொன்னதும் "மாஹால் லா, தாக் போலே கூராங் கா?" என்று முகத்தைச் சுளிக்கிறார். கடைக்காரர் பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கிறார். "சாயா பூனியா அனாக் தீகா ஓராங்" என்று தொடங்கி, மூத்தவன் சிங்கப்பூருக்குப் போய்வருவது, இளையவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகாதது எல்லாம் சொல்லி முடிக்கிறார். அதில் இலக்கணப்படி சரியான வாக்கியம் அதிகம் இல்லை. ஆனால் கடைக்காரருக்குப் புரியாமல் போனதும் எதுவும் இல்லை. வயதும் தடுக்கவில்லை, நாக்கும் தடுக்கவில்லை.

அதே அம்மா மாலையில் வகுப்பில் இருக்கிறார். ஆசிரியர் "எங்கே குடியிருக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்கிறார். அம்மா "சாயா திங்கால் கோத்தா திங்கி" என்கிறார். "டி எங்கே? டி கோத்தா திங்கி என்று சொல்ல வேண்டும்" என்கிறார் ஆசிரியர். இருபது பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த அம்மாவிடமிருந்து வருவது 'யா', 'தீடா' என்ற இரண்டு சொற்கள்தான். அடுத்த வாரம் கடைசி வரிசையில் உட்காருகிறார். கேள்வி தம் பக்கம் வரும்போது நோட்டைப் புரட்டுகிறார். தெரிந்த பதிலையும் பக்கத்தில் இருப்பவரின் காதில்தான் சொல்கிறார். பயம் வந்துவிட்டது என்பதற்கு இவைதான் அடையாளம். இதைப் பார்க்கும் ஆசிரியர், "வயசாகிவிட்டது, ஏறவில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்.

மாறியது ஒன்றே ஒன்று. சந்தையில் எதிரே இருந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டார். வகுப்பில் இருப்பவர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்கிறார், அதுவும் சபையறிய. 1986இல் ஆய்வாளர் ஹோர்விட்ஸும் அவருடன் சேர்ந்த இருவரும் மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்தார்கள். அதன் அடிப்படையே, மொழி வகுப்பில் வரும் பயம் பொதுவான கூச்சத்திலிருந்து வேறானது என்பதுதான். மற்றபடி தைரியமாக வாழ்பவரும் அங்கே நடுங்கலாம். அப்படியானால் பயத்தின் ஊற்று கற்பவரின் வயதில் இல்லை, அறையின் ஏற்பாட்டில் இருக்கிறது.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசுவோர் டச்சு கற்றதை ஸ்னோ, ஹூஃப்நாகல்-ஹூலே என்ற இரு ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து 1978இல் எழுதினார்கள். தொடக்க மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் பெரியவர்களும் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும். பெரும்பாலும் பின்தங்கியவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். குழந்தைகள் நாளடைவில் எட்டிப் பிடிப்பார்கள் என்பதும், அந்த மொழிக்காரரைப் போலவே பேசும் நிலையைச் சிறுவயதில் தொடங்கியவர்களே அதிகம் அடைகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் குடியுரிமை கேட்கும் அம்மாவுக்கு மலாய்க்காரரைப் போலவே பேசும் தேவை எங்கே வந்தது?

இனி தவறுக்கு வருவோம். மலாயில் 'தூலிஸ்' என்றால் எழுது. வாக்கியத்தில் அது 'மெனூலிஸ்' ஆகும். முன்னொட்டு வந்ததும் தகரம் விழுந்துவிடும். வகுப்பில் ஒருவர் 'சாயா மென்தூலிஸ் சூராட்' என்று சொன்னால் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டிய இடமா அது? நேற்று வரை 'சாயா தூலிஸ் சூராட்' என்று சந்தை மலாயில் சொன்னவர் இன்று முன்னொட்டு ஒன்று உண்டு என்று கண்டுகொண்டார், எந்த முன்னொட்டு என்பதையும் சரியாகத் தேர்ந்துவிட்டார். எழுத்து விழும் என்பது மட்டும் இன்னும் வரவில்லை. மொழியியலாளர் பிட் கார்டர் 1967இலேயே இதைத்தான் வாதிட்டார்: கற்பவரின் தவறு, அவர் எந்த விதி வரை வந்திருக்கிறார் என்று ஆசிரியருக்குக் காட்டும் தடயம். வாயே திறக்காதவர் எந்தத் தடயமும் தருவதில்லை. அவருக்கு அடுத்து எதைச் சொல்லிக் கொடுப்பது என்று ஆசிரியருக்கும் தெரியப் போவதில்லை.

இந்த இடத்தில் எதிர்முகாமிலிருந்து ஒரு கூட்டம் கைதட்டும். "அதானே, தவறைக் கண்டுகொள்ளாதே, பேசு, பேசப் பேச வரும்" என்பார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஹவாயில் குடியேறிய ஜப்பானிய ஓவியர் ஒருவரை, 'வெஸ்' என்ற பெயரில், ஆய்வாளர் ஷ்மிட் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கவனித்து 1983இல் எழுதினார். வெஸுக்குப் பயம் என்பதே கிடையாது. எல்லாரோடும் ஆங்கிலத்தில் பேசினார், பழகினார், தொழில் நடத்தினார். பேச்சுத் திறன் வளர்ந்தது. இலக்கணம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. நம் சந்தை மலாயும் அதுதான். நாற்பது வருஷம் பேசியும் 'டி' வரவில்லை, ஏனென்றால் மீன்கடைக்காரருக்கு 'டி' தேவைப்படவில்லை. இன்றைய பொதுமலாய்க்கே ஜொகூர்-ரியாவ் என்று பெயர். பழைய சுல்தானகத்தின் ஜொகூர் லாமா இருப்பதும் இதே கோத்தா திங்கி மாவட்டத்தில். அந்த மொழியின் சொந்த மண்ணிலேயே நாம் ஒரு தலைமுறை முழுக்க முன்னொட்டில்லாமல் பேசிக் கழித்திருக்கிறோம். ஆகவே திருத்தம் வேண்டும். எப்போது, யார் முன்னிலையில், எப்படி என்பதுதான் கேள்வி.

மாண்ட்ரியல் பகுதியின் பிரெஞ்சு வகுப்புகளில் ஆசிரியர்கள் எப்படித் திருத்துகிறார்கள் என்று லிஸ்டரும் ரான்டாவும் பதிவுசெய்து 1997இல் வெளியிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்ட நேரங்களில் ஆசிரியர் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிவிட்டார். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாணவர் ஏதாவது பதில்வினை காட்டினார். சரியானதை மாணவரிடமிருந்தே வரவழைக்க முயன்ற இடங்களில் மாணவர் ஒவ்வொரு முறையும் மறுபடி வாய் திறந்தார். அது சிறுவர் வகுப்பு, நம்முடையது பெரியவர் வகுப்பு. எண்கள் அப்படியே பொருந்தாது. ஆனாலும் நம் அம்மாவிடம் பொருத்திப் பாருங்கள். "ஓ, டி கோத்தா திங்கியா" என்று ஆசிரியர் சொன்னால், தம் ஊரை அவர் ஒப்புக்கொண்டதாக நினைத்து அம்மா தலையாட்டுவார். "சாயா திங்கால்..." என்று இழுத்து நிறுத்திவிட்டு, முகத்தில் கோபமில்லாமல் மூன்று நாலு விநாடி காத்திருந்தால் அம்மா தாமே தேடி எடுப்பார். அந்த மூன்று விநாடி ஆசிரியருக்குத்தான் கஷ்டம். பெரும்பாலோர் ஒரு விநாடியில் பொறுமை இழந்து பதிலைத் தாமே கொடுத்துவிடுகிறார்கள்.

சபையை நீக்கவும் வழி உண்டு. நான்கு-மூன்று-இரண்டு என்ற பயிற்சி பழையது. அம்மா தம் வீடு, பிள்ளைகள், வேலை செய்த தோட்டம் ஆகியவற்றைப் பற்றி ஒருவரிடம் நான்கு நிமிஷம் மலாயில் சொல்கிறார். பிறகு ஜோடி மாறுகிறது. அதே கதையை வேறொருவரிடம் மூன்று நிமிஷத்தில் சொல்கிறார். கடைசியில் மூன்றாமவரிடம் இரண்டு நிமிஷம். கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் கதை சலிப்பதில்லை. என்ன சொல்வது என்ற கவலை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால், எப்படிச் சொல்வது என்பதற்கு மனதில் இடம் கிடைக்கிறது. பயந்தவருக்கு இல்லாமல் போவது இந்த இடம்தான்: மனதின் ஒரு பாதி வாக்கியத்தைக் கட்டும்போது மறுபாதி "சிரிப்பார்களோ" என்று காவல் காக்கிறது. முதல் சுற்று முடிந்ததும் ஆசிரியர் பக்கத்தில் போய், தணிந்த குரலில், ஒரே ஒரு தவறை மட்டும் எடுத்துக் கொடுக்கலாம். இன்றைக்கு 'டி' என்றால் இன்றைக்கு 'டி' மட்டும். 'சாயா பூனியா அனாக்' அடுத்த வாரம் 'அனாக் சாயா' ஆகட்டும்.

எல்லாத் தவறும் சமமும் அல்ல. 'டி' விட்டுப்போனால் அதிகாரிக்குப் பொருள் கெடாது. நம்மவர்களுக்கு உண்மையிலேயே ஆபத்தானது சொல்லின் முதல் ஒலி. கொடு என்ற 'பாகி'யும் காலை என்ற 'பாகி'யும் தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிடும். மலாயில் முதலாவது பந்தில் வரும் ஒலி, இரண்டாவது பழத்தில் வருவது. மலாய்ச் சொற்களைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்பவர் இந்த வேறுபாட்டைப் பார்க்கவே முடியாது. அதைக் காதால் பிரித்துப் பழக வேண்டும். வீட்டில் ஒளிந்து நோட்டை உருப்போட்டுவிட்டு, எல்லாம் தெரிந்த பிறகு பேசுகிறேன் என்பவருக்கு இந்தத் தவறு தெரிய வழியே இல்லை.

இத்தனை செய்தாலும் இலாகாவில் அதிகாரியின் மேசைக்கு முன்னால் கை நடுங்கத்தான் செய்யும். அங்கே இழக்க நிஜமாகவே ஏதோ இருக்கிறது. அந்தப் பயம் நியாயமானது. வகுப்பிலும் அதே மேசையைப் போட்டு உட்கார வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கடைசியாக, பிள்ளைகளுக்கு. முகப்பிடத்தில் உங்கள் அம்மாவிடம் மலாயில் கேள்வி கேட்டால், முந்திக்கொண்டு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். பின்னால் வரிசை நீண்டாலும் பரவாயில்லை, அவரே சொல்லட்டும். அவர் 'டி' விட்டுப் பேசும்போது பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து அசட்டுச் சிரிப்பும் சிரிக்காதீர்கள்.