செக்-இன் என்பது மேலதிகச் சேவையா?



லண்டனில் இருக்கும் மகனை, மகளைப் பார்க்க எங்கட ஊர்களில் இருந்து போகும் உம்மா, வாப்பாமார் இப்போது அதிகம். போன இடத்தில் பிள்ளைகள் சும்மா விடுவதில்லை. "வந்ததுக்கு இத்தாலியையும் ஒருக்கா பார்த்திட்டு வாங்களேன்" என்று ரயன்எயார் மாதிரி ஒரு மலிவு விமானத்தில் டிக்கட் போட்டுக் கொடுக்கிறார்கள். ஆளுக்கு 25 பவுண். கொழும்பில் இருந்து லண்டன் போன காசோடு ஒப்பிட்டால் பஸ் காசு மாதிரி. அந்த 25 பவுண் டிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் விதிகளைப் பற்றி எங்கட ஆட்கள் பலருக்குத் தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளமாகிறது.

முதலில் உலகம் முழுக்கச் செய்தியான ஒரு சம்பவம். 2023 ஓகஸ்டில் ஒரு வயதான ஆங்கிலேயத் தம்பதி லண்டன் ஸ்டான்ஸ்டட்டில் இருந்து பிரான்சின் பெர்ஜராக்குக்கு ரயன்எயாரில் புறப்பட்டார்கள். ஒன்லைனில் செக்-இன் செய்தே வந்திருந்தார்கள். ஆனால் போகும் பயணத்துக்குப் பதிலாகத் திரும்பி வரும் பயணத்துக்குத் தவறுதலாகச் செக்-இன் செய்திருந்தார்கள். விமான நிலையத்தில் ஆளுக்கு 55 பவுண், இருவருக்கும் 110 பவுண் கட்டச் சொன்னார்கள். கட்டினார்கள். பிறகு கேட்டதற்கு, விதிப்படிதான் அறவிட்டோம், டிக்கட் எடுக்கும்போது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனை இது என்று கம்பனி சொல்லிவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள, அந்த நாட்டிலேயே வாழ்கிற மனிதர்களுக்கே இப்படியென்றால், எங்கட வாப்பாவுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்து விளங்க வேண்டும். செக்-இன் வேறு, போர்டிங் பாஸ் வேறு. "நான் வருகிறேன், இதுதான் என் கடவுச்சீட்டு விபரம்" என்று பதிவது செக்-இன். பதிந்த பிறகு கிடைக்கும் அனுமதித் துண்டுதான் போர்டிங் பாஸ். கட்டுநாயக்கவில் பெரிய எயார்லைன்களில் போய்ப் பழகிய எங்களுக்கு இரண்டும் ஒரே கவுன்டரில், ஒரே நிமிடத்தில், இலவசமாக நடப்பவை. அதனால் இவை இரண்டு வேலை என்பதே எங்கட மனதில் பதிவதில்லை.

ரயன்எயாரில் செக்-இன் வேலையைப் பயணியே ஒன்லைனில் முடிக்க வேண்டும். சீட்டைத் தெரிவு செய்யக் காசு கட்டாதவருக்கு அந்த வாசல் திறப்பது விமானம் புறப்பட 24 மணித்தியாலத்துக்கு முன். மூடுவது 2 மணித்தியாலத்துக்கு முன். இந்த இடைவெளியைத் தவறவிட்டு கவுன்டருக்குப் போனால் 55 பவுண். செக்-இன் செய்துவிட்டு, பிரிண்ட் எடுத்த தாளைத் தொலைத்துவிட்டு வந்தவரிடம் பல வருடங்களாக 20 பவுண் வாங்கினார்கள். எங்கட காசில் சுமார் 8,000 ரூபாய். ஒரு தாளுக்கு! எங்கட சந்தியில் உள்ள கொமியூனிகேஷனில் அதே தாளை எவ்வளவுக்கு அடித்துத் தருவார்கள் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

2025 நவம்பர் 12இல் இருந்து அவர்கள் தாளையே விட்டுவிட்டார்கள். போர்டிங் பாஸ் போனில் உள்ள அவர்களுடைய செயலியில்தான். இதில் ஒரு நல்லதும் உண்டு. ஒன்லைனில் செக்-இன் செய்தவரின் போன் செத்தாலும், தொலைந்தாலும், ஸ்மார்ட் போனே இல்லாவிட்டாலும் விமான நிலையத்தில் இலவசமாகத் தாள் தருவதாகச் சொல்கிறார்கள். ஆனால் 55 பவுண் அப்படியே இருக்கிறது. ஆகவே போன் இல்லாதவருக்குப் பிரச்சினை தாள் அல்ல. செக்-இன் முடிந்ததா இல்லையா என்பதுதான்.

கைப்பையின் கதை வேறு. டிக்கட் விலைக்குள் வருவது சீட்டுக்கு அடியில் வைக்கும் ஒரேயொரு சின்னப் பை. 40 x 30 x 20 சென்ரிமீற்றர். 2025 வரை இதைவிடச் சின்னது, 40 x 25 x 20. பிள்ளைகளின் 30 சென்ரிமீற்றர் அடிமட்டத்தை எடுத்து அளந்து பாருங்கள். அகலம் சரியாக ஒரு அடிமட்டம், உயரம் ஒரு அடிமட்டமும் மூன்றில் ஒரு பங்கும். ஒரு சாதாரண ஸ்கூல் பேக்தான். சில்லு, கைபிடி, வெளியில் உள்ள பொக்கெட் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும்.

பெரும்பாலும் பிழைப்பது மூன்றாவது அளவில், அதாவது அந்த 20 சென்ரிமீற்றர் தடிப்பில். கடையில் வாங்கும்போது பையின் லேபிளில் 20 என்றுதான் இருக்கும். உள்ளே ஒரு ஜக்கட்டும், பேரப்பிள்ளைக்கு வாங்கிய சாமானும் போனதும் வயிறு ஊதி 26, 27 ஆகிவிடும். கேட்டில் ஒரு இரும்புச் சட்டம் வைத்திருப்பார்கள், அதற்குள் பை இறங்க வேண்டும். துணிப் பை என்றால் அமத்தி இறக்கலாம். சில்லு வைத்த கெட்டிப் பெட்டி ஒரு சென்ரிமீற்றரும் விட்டுக் கொடுக்காது. இறங்காவிட்டால் கேட்டில் 75 பவுண் வரை போகும். முன்கூட்டியே ஒன்லைனில் பெரிய பைக்குக் கட்டியிருந்தால் இதைவிடக் குறைவு. அதோடு, பெரிய பையைப் பிடிக்கும் ஊழியருக்கு ஒரு பைக்கு இவ்வளவு என்று கொடுப்பனவும் உண்டு. 1.50 யூரோவாக இருந்ததை 2.50 ஆக உயர்த்தியதைக் கம்பனியே பகிரங்கமாகச் சொன்னது. ஆகவே "கொஞ்சம் பெரிசுதானே, பார்க்க மாட்டாங்க" என்ற எங்கட நம்பிக்கை அங்கே செல்லாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உம்மாவும் வாப்பாவும், டிக்கட் 25 + 25 = 50 பவுண். மகன் டிக்கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டான், செக்-இன் செய்ய மறந்துவிட்டான். கவுன்டரில் 110. வாப்பாவின் பை சட்டத்துக்குள் இறங்கவில்லை, 75. மொத்தம் 235 பவுண். டிக்கட்டைவிட அபராதம் மூன்றரை மடங்குக்கும் மேல். அதுவும் போகும் வழியில் மட்டும்.

இதை எழுதினால் எங்கட இளைஞர்கள் உடனே கேட்பார்கள்: "நிபந்தனையை முன்னாலேயே சொல்லித்தானே விக்கிறாங்க? வாசிக்காதது யாரின் பிழை?" நியாயமான கேள்வி. அதனால் பைக்கு எடுக்கும் காசை நாங்கள் அநியாயம் என்று சொல்ல மாட்டோம். அந்தக் கம்பனியின் வழமையான விமானத்தில் 189 சீட் இருக்கிறது, தலைக்கு மேலே உள்ள தட்டில் 189 பெட்டிகளுக்கு இடமில்லை. விமானம் தரையிறங்கி மறுபடி புறப்பட 25 நிமிடம்தான் திட்டமிடுகிறார்கள். ஆட்கள் பெட்டியோடு மல்லுக்கட்டினால் அந்த 25 நிமிடம் போய்விடும், அந்த விமானத்தின் அன்றைய மற்ற ஓட்டங்களும் பிந்தும். பை கொண்டு போவதும் விடுவதும் என் விருப்பம். கொண்டு போகாதவன் என் பெட்டிக்கும் சேர்த்துக் கட்டத் தேவையில்லை. கேட்டில் 75 என்ற விலை கூடத்தான், ஆனால் கட்டணம் எடுப்பதில் ஒரு காரணம் இருக்கிறது.

செக்-இன் அப்படியல்ல. செக்-இன் செய்யாமல் யாரும் விமானத்தில் ஏற முடியாது. ஏறுவதற்குத்தான் டிக்கட்டே வாங்கினோம். அரிசி விற்றவர், அதை அளந்து தருவதற்குத் தனிக் காசு கேட்பது போன்றது இது. ஒருவரை கவுன்டரில் பதிய ஊழியருக்கு இரண்டு மூன்று நிமிடம் செலவாகும் என்பது உண்மை. அதற்கு ஒரு சிறு தொகை என்றால் பேசலாம். 25 பவுண் டிக்கட்டுக்கு 55 பவுண் என்பது செலவுக்கான விலை அல்ல, தண்டம். அந்தத் தண்டம் விழுவதும் போனில் விரல் ஓடுகிற பிள்ளைகள் மேல் அல்ல, பெற்றோர் மேல்தான்.

நாங்கள் மட்டும் இப்படிச் சொல்லவில்லை. பக்கத்து இந்தியாவில் சில விமானக் கம்பனிகள் கவுன்டரில் போர்டிங் பாஸ் கொடுக்க 200 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தன. 2022 ஜூலையில் அந்த நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சு, 1937ஆம் ஆண்டின் விமான விதிகளின்படி அது டிக்கட் விலைக்குள் அடங்கியது, தனியாக வாங்க முடியாது என்று அறிவித்தது. ஸ்பெயின் 2024 நவம்பரில் ஐந்து மலிவு விமானக் கம்பனிகளுக்கு 179 மில்லியன் யூரோ அபராதம் விதித்தது. கைப்பைக்குக் காசு, போர்டிங் பாஸை அடித்துக் கொடுக்க அளவுக்கு மிஞ்சிய காசு என்பவையும் அந்தக் குற்றப்பட்டியலில் இருந்தன. கம்பனிகள் அதை எதிர்த்து நிற்கின்றன. ஐரோப்பிய ஆணைக்குழுவும் ஸ்பெயினின் பக்கம் நிற்கவில்லை, 2025 ஒக்டோபரில் ஸ்பெயினுக்கு எதிராகவே நடவடிக்கையைத் தொடங்கியது. எங்கட கருத்தில் இந்தியா செய்ததுதான் சரியான கோடு. பையை விட்டுவிட்டு, போர்டிங் பாஸில் கை வைத்தது.

சட்டம் மாறும்வரை போகிறவர்கள் போகத்தானே வேண்டும். பெரிதாக மாட்டுப்படுவது திரும்பி வரும் பயணத்தில். நான்கு நாள் பயணமென்றால், புறப்படும் அன்று திரும்பி வருவதற்கான செக்-இன் இன்னும் திறந்திருக்காது. அது திறக்கும்போது உம்மாவும் வாப்பாவும் ரோமில் ஒரு ஹோட்டலில், டேட்டா இல்லாத போனோடு இருப்பார்கள். இதற்கு இரண்டு வழி. ஒன்று, இரண்டு பயணத்துக்கும் சீட்டுக்குக் காசு கட்டுவது. அப்போது 60 நாளுக்கு முன்னிருந்தே இரண்டையும் ஒன்றாகச் செக்-இன் செய்யலாம். மற்றது காசில்லாத வழி: லண்டனில் இருக்கும் மகனே குறித்த நாளில் தன் போனில் இருந்து செய்வது. செக்-இன் செய்யப் பயணியின் போன்தான் வேண்டும் என்றில்லை. புக்கிங் இலக்கமும் ஈமெயிலும் போதும். மகனே, போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கட்டையும் கம்பனியின் சொந்தத் தளத்திலேயே எடுங்கள். அங்கீகாரம் இல்லாத இடைத்தளத்தில் எடுத்தால் அந்த ஈமெயில் உங்களுடையதாக இருக்காது, செக்-இன் செய்யப் போகும்போது அடையாளச் சரிபார்ப்பு என்று இன்னொரு வேலையும் வரும்.

இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. பிரித்தானிய விசா இருந்தாலும் இத்தாலிக்கு ஷெங்கன் விசா தனியாக வேண்டும். ஐரோப்பியர் அல்லாத பயணிகளின் கடவுச்சீட்டையும் விசாவையும் ரயன்எயார் தன் கவுன்டரில் பார்த்து உறுதி செய்யும். இதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனைக்குள் போக முன்பே முடிக்க வேண்டும். ஒன்லைனில் செக்-இன் செய்தாயிற்று, போனில் பாஸும் இருக்கிறது என்று நேரே உள்ளே போய்விட்டால், கேட்டில் நிறுத்துவார்கள். வெளியே வந்து மறுபடி வரிசையில் நிற்பதற்குள் விமானம் போய்விடும். வாப்பாவுக்கு டிக்கட்டை அனுப்பும் மெசேஜிலேயே "முதலில் விசா பார்க்கும் கவுன்டர், பிறகுதான் உள்ளே" என்று தமிழில் ஒரு வரி போட்டு அனுப்புங்கள்.