மூன்றாவது பேனா எப்போது எழும்?

கும்மிடிப்பூண்டி ஆலையிலே இரவு ஷிப்டு முடித்துப் படித்து, குரூப்-1 முதன்மைத் தேர்வு எழுதும் தோழன் அறியவேண்டிய கணக்கு இது.

அரசுப் பணியாளர் தேர்வாணையம் ஒரே விடைத்தாளை இருவரிடம் திருத்தத் தருகிறது. இருவர் மதிப்பெண்ணும் 15 சதவீதமோ அதற்கு மேலோ விலகினால், தாள் மூன்றாமவரிடம் போகும். 250 மதிப்பெண் தாளில் அந்த எல்லை 37½. ஒருவர் 100, மற்றவர் 140 போட்டால் வித்தியாசம் 40. மூன்றாம் திருத்தம் உண்டு. 100-ம் 135-ம் என்றால் இல்லை. சராசரியான 117½ நிலைத்துவிடும். ஓரிரு மதிப்பெண்ணில் வேலை கைநழுவும் போட்டியிலே, 35 மதிப்பெண் தகராறு சத்தமின்றி அடங்குகிறது!

இருவருமே கஞ்சத்தனமாக 80, 82 என்று போட்டாலும் மூன்றாமவர் வரமாட்டார். விதி பார்ப்பது வித்தியாசத்தை, நியாயத்தை அல்ல.

எல்லையைக் குறைத்தால் வேலை கூடும், முடிவு தாமதமாகும் என்பார்கள். ஆகட்டும்! சில வாரத் தாமதத்தைவிட ஒருவனது வாழ்வு பெரிதென்கிறோம் நாம்.