'அவனா', 'அவரா': பழைய ஆவணத்தைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது யார் இழிவுபடுத்துகிறார்கள்?

பாளையங்கோட்டையில் முதுகலை வரலாறு படிக்கும் ஒரு தம்பி போன மாதம் தன் கட்டுரையை எனக்கு அனுப்பியிருந்தார். பொருநைக் கரை வயல்களில் உழைத்த நம் மக்களைப் பற்றிய கட்டுரை. எல்லா மேற்கோளிலும் சாதிப் பெயர் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அந்தச் சொல்லை என் கையால எழுத மனசு வரலண்ணே. சாரும் எடுத்துருன்னு சொல்லிட்டாரு" என்றார்.

அவர் மனது எனக்குப் புரிகிறது. அந்தச் சொல்லைக் கல்லெறிவதுபோல் எறியக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் அதே கட்டுரையில் நட்சத்திரத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது, அது அவர் கண்ணில் படவில்லை. ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கிய இடங்களில் நிலக்கிழார் 'வந்தார், சொன்னார்' என்று வந்தார். நம் ஆள் 'வந்தான், சொன்னான்' என்று வந்தான். மூல ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே 'ஹீ'தான்.

தோழர்களே, இந்த இடத்தைத்தான் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் படர்க்கைக்கு மரியாதைப் படிநிலை கிடையாது. தமிழில் அது இல்லாமல் ஒரு வினைமுற்றைக்கூட முடிக்க முடியாது. ஆகவே 1879-ல் ஸ்டூவர்ட் தொகுத்த திருநெல்வேலி மாவட்டக் கையேட்டையோ, 1917-ல் பேட் எழுதிய கெசட்டியரையோ தமிழாக்கும்போது, ஒவ்வொரு வரியிலும் 'ஆன்' போடுவதா 'ஆர்' போடுவதா என்று நாம்தான் முடிவெடுக்கிறோம். வெள்ளைக்கார அதிகாரி செய்யாத இழிவை நம் பேனா செய்துவிட்டு, பழியை ஆவணத்தின் மேல் போடுகிறது. சாதிப் பெயரிலும் இதே கதைதான். ஆங்கிலேயர் 'ன்' ஈற்றில் எழுதியது பல இடங்களில் அகராதித் தலைச்சொல் போன்ற ஒருமை. தமிழில் அதே 'ன்' தெருவில் கூப்பிடும் குரல்.

ஒரு மாதிரி வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஆவணத்திலும் உள்ளதல்ல, விளக்கத்துக்காக நானே அமைத்தது. ஓர் ஆங்கில அறிக்கையில், பள்ளர் ஒருவர் கச்சேரிக்கு வந்து, கூலி நெல் தராவிட்டால் உழ முடியாது என்று சொன்னதாக இருக்கிறது என்று வையுங்கள். 'பள்ளன் வந்து உழமாட்டேன் என்றான்' என்று எழுதினால், மூலத்தில் இல்லாத அவமதிப்பை நீங்கள் சேர்க்கிறீர்கள். 'ப* வந்து சொன்னான்' என்று எழுதினால் பெயரை மறைத்துவிட்டு அவமதிப்பை வைத்துக்கொள்கிறீர்கள். தம்பி செய்தது இதுதான். 'தேவேந்திரகுல வேளாளர் ஒருவர் வந்து சொன்னார்' என்று மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதினால், அந்த அதிகாரி எழுதாத பெயரை அவர் வாயில் திணிக்கிறீர்கள். 'பள்ளர் ஒருவர் வந்து, உழ முடியாது என்றார்' என்பதுதான் மூலத்துக்கு நேர்மையானது. நம் மக்களுக்கும் அதுவே நேர்மை.

மூலமே தமிழாக இருந்தால் நிலைமை வேறு. ஓர் ஆளோலையில், பழைய மனுவில், பண்ணைக் கணக்கில் 'அவன்' என்று இருந்தால் அதைத் தொடக்கூடாது. அங்கே அந்த விகுதி எழுதியவரே தெரிந்து போட்டது. அதுவே சாட்சி. அதை 'அவர்' ஆக்கினால் எழுதியவரை மரியாதைக்காரராக மாற்றிக் காப்பாற்றுகிறோம்.

சரி, மரியாதைக்காகப் புதிய பெயரை மேற்கோளுக்குள் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். இதற்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. இடையன்குடியில் இருந்த ராபர்ட் கால்டுவெல் 1849-ல் 'தின்னவேலி சாணார்கள்' என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். பனையேறி வாழ்ந்த மக்களை அறிவிலும் பண்பாட்டிலும் தாழ்ந்தவர்களாகச் சித்திரித்த நூல் அது. அந்தச் சமூகத்தார் கொதித்தார்கள். நாசரேத்துப் பக்கம் சட்டாம்பிள்ளை மிஷனிலிருந்து பிரிந்து 1857-ல் தனித் திருச்சபையே கண்டார். அந்தப் பிரிவுக்கு இந்த நூலின் மேல் இருந்த கோபமும் ஒரு காரணம். பல பத்தாண்டுகள் மனுவும் மறுப்பு நூலும் எழுதிய பிறகு, 1921 குடிக்கணக்கை ஒட்டித்தான் அரசு பதிவுகளில் 'நாடார்' என்ற பெயர் ஏறியது.

இப்போது கால்டுவெல்லை மேற்கோள் காட்டும் மாணவர் 'சாணார்' இருந்த இடத்தில் 'நாடார்' என்று மாற்றினால் இரண்டு தவறு நடக்கும். எழுபது ஆண்டுப் போராட்டம் எதற்காக நடந்தது என்று வாசகருக்கு விளங்காது, ஏனென்றால் பாதிரியார் முதலிலேயே கேட்ட பெயரைக் கொடுத்துவிட்டார் என்று ஆகிவிடும். இரண்டாவது தவறு அதைவிட மோசம். 1849-ல் 'நாடான்' என்பது தேரிக்காட்டில் பனை நிலத்துக்கு உடைமைக்காரர்களாக இருந்த சில குடும்பங்களின் பட்டம். பனை ஏறியவர்கள் அவர்களுக்குக் கீழே இருந்தார்கள். பெயரை மாற்றினால் ஏறியவரும் உடைமைக்காரரும் ஒன்றாகிவிடுவார்கள். ஒரு சமூகத்துக்குள் இருந்த சுரண்டல் மேற்கோளிலிருந்து காணாமல் போகும்.

நம் பக்கமும் இதே பொறி இருக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தச் சட்டம் தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் என்ற ஏழு பெயர்களை 'தேவேந்திரகுல வேளாளர்' என்ற ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்தது. கடையன் என்ற பெயருக்கு மட்டும் சில மாவட்டங்களின் கடற்கரைப் பகுதிகளை விட்டுவிட்டது. இன்றைக்கு நாம் பேசும்போது அந்தப் பெயரைச் சொல்வது அந்த மக்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதை. ஆனால் பழைய குடிக்கணக்கில் 'பள்ளர்' என்று இருக்கும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இந்தப் பெயரை எழுதினால் கணக்கு பிழையாகும். ஏழில் ஒன்றின் எண்ணிக்கை ஏழுக்கும் உரியதாகிவிடும். 'குடும்பன்' இன்னும் சிக்கல். நீர்ப்பாசன ஊர்களில் அது ஊர்ப் பொறுப்பின் பெயராகவும் வரும். மடையைத் திறந்து அடைக்கும் மடைக்குடும்பனைப் பற்றி ஆவணம் பேசும்போது, அது ஒரு வேலையையும் உரிமையையும் பற்றிப் பேசுகிறது. அங்கே சாதிப் பெயரைப் போட்டால் தண்ணீர் யார் கையில் இருந்தது என்ற செய்தியே அழிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பழைய சொல்லும் எதிரி போட்டதல்ல. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தன் பத்திரிகைக்கு 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. எம்.சி. ராஜா சட்டமன்றத்தில் எழுப்பிய கோரிக்கைக்குப் பிறகு 1922-ல் சென்னை அரசு 'பஞ்சமர்', 'பறையர்' என்பதற்குப் பதில் 'ஆதிதிராவிடர்' என்று மாற்றியது. நம் முன்னோர் தமக்குள் நடத்திய வாதம் இது. சொல்லை மறைத்தால் வாதமும் மறையும்.

நட்சத்திரம் போடத் தோன்றாத, ஆனால் போட்டே ஆக வேண்டும்போல் எனக்குத் தோன்றும் சொற்களும் இருக்கின்றன. கம்பெனி அரசு 1843-ன் ஐந்தாம் சட்டத்தால் அடிமைமுறைக்குக் கொடுத்திருந்த சட்ட ஏற்பை விலக்கியது. அதற்குப் பிறகு வரும் காகிதங்களில் 'பண்ணை வேலையாள்' போன்ற சொற்களைப் பார்க்கும்போது நின்று படியுங்கள். கடன் சீட்டு இருக்கிறதா, பிள்ளைக்கும் அந்தக் கடன் இறங்குகிறதா, வேறு ஊருக்குப் போக விட்டார்களா என்று பாருங்கள். விடவில்லை என்றால் சொல்தான் நாகரிகமானது, நிலைமை அடிமைத்தனம். 'அரிஜன்' என்ற சொல்லும் அன்போடு வந்ததுதான். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. சான்றிதழ்களில் அதை எழுதக்கூடாது என்று பின்னாளில் ஒன்றிய அரசே அறிவுறுத்தியது. 1930-களின் கட்டுரையில் அது வந்தால் மேற்கோளில் இருக்கட்டும். உங்கள் சொந்த வாக்கியத்துக்கு வர வேண்டாம்.

கடைசியில் எல்லாம் இந்த வேறுபாட்டில்தான் போய் நிற்கிறது: சொல் யார் குரலில் வருகிறது? 'பறையன்' என்ற சொல் பட்டியல் சாதி ஆணையில் இன்றும் இருக்கிறது, சான்றிதழில் அச்சாகிறது. பொது இடத்தில் அதைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். ஒரே சொல்தான், சொல்கிறவரும் இடமும் வேறு. மேற்கோள் குறிக்குள் அது 1849-ன் குரல், 1917-ன் குரல். குறிக்கு வெளியே அது உங்கள் குரல். அமெரிக்கக் கறுப்பின வரலாற்றாசிரியர்களும் 1899-ல் டுபாய்ஸ் எழுதிய 'தி ஃபிலடெல்ஃபியா நீக்ரோ'வின் பெயரைத் திருத்துவதில்லை. தங்கள் வாக்கியத்தில் அந்தச் சொல்லை எழுதுவதுமில்லை.

அந்தத் தம்பியோடு உட்கார்ந்து திருத்தியது இப்படித்தான். கட்டுரைத் தொடக்கத்தில் நான்கே வரிக் குறிப்பு: எந்தப் பெயர்கள் மேற்கோளில் மட்டும் வருகின்றன, தன் குரலில் என்ன பெயர், ஏன், தமிழாக்கத்தில் எல்லாருக்கும் ஒரே 'ஆர்' விகுதி. மேற்கோள்களில் நட்சத்திரத்தை எடுத்தோம். வாதத்துக்குத் தேவைப்படாத மேற்கோள்களையும் எடுத்தோம். வசை நிறைந்த பத்து வரியில் சான்று ஒரு வரிதான் என்றால், அந்த ஒரு வரி போதும், மற்றதைச் சுருக்கிச் சொல்லலாம். தலைப்பிலும் துணைத்தலைப்பிலும் பழைய சொல் இல்லை. ஆனால் ஆவணத்தின் பெயரும் பழைய எழுத்துக்கூட்டும் அடிக்குறிப்பில் அப்படியே இருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் 'தின்னவேலி' என்றுதான் கோப்பு கிடைக்கும். அடுத்து தேடி வரும் தங்கைக்கு அந்த வழி அடைந்துவிடக்கூடாது.

திருத்தி முடித்ததும் தம்பி, தன் ஆச்சிக்கு ஒரு பத்தியை வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். மேற்கோளில் அந்தச் சொல் வந்தபோது ஆச்சி ஒன்றும் சொல்லவில்லையாம். "என்றார்" என்று முடிந்தபோதுதான் நிமிர்ந்து, "நம்மாளையா சொல்லுத?" என்று கேட்டாராம்.