சான்று வேறு, சிபாரிசு வேறு



“உறவுக்கு உதவாத செல்வாக்கு எதற்கு?” கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் இக்கேள்வி புதுவாயலில் போதகரின் வாசலுக்கும் வருகிறது. இக்கேள்வியே தவறானது என்பேன்.

கிறிஸ்தவக் கல்லூரிகள் போதகரிடம் கேட்பது சான்று: இம்மாணவர் இச்சபையின் அங்கத்தினர், ஞானஸ்நானம் பெற்றவர் என்பதே. உண்மையாயிருந்தால் அதை எவருக்கும் மறுக்கலாகாது. “எப்படியாவது இவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்ற வரி சேர்ந்தால் அது சிபாரிசாகிறது. அவ்வரியால் ஒருவர் உள்ளே சென்றால், கூடுதல் மதிப்பெண் பெற்றும் பரிந்துபேச ஆளில்லாத ஒரு பிள்ளை வெளியே நிற்கும். சிறுபான்மை உரிமை இதற்குக் கேடயமாகாது. தொழிற்கல்லூரிகளைக் குறித்த இனாம்தார் வழக்கில், சேர்க்கை நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2005இல் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் சேர்த்தே தீர்ப்பளித்தது.

என் தமக்கையார் தம் மகனுக்காக வந்து கேட்டார்கள். “அக்கா, சபைச் சான்று இன்றே தருகிறேன். முதல்வரிடம் பேசமாட்டேன். வாருங்கள், இன்னும் இரண்டு கல்லூரிகளுக்கும் விண்ணப்பம் நிரப்புவோம்” என்றேன். அவர்கள் முகம் வாடியது. ஆயினும் “பார்க்கலாம்” என்று நான் சொல்லியிருந்தால், அதை நம்பி மற்றக் கல்லூரிகளின் கடைசி நாளைத் தவறவிட்டிருப்பார்கள். அந்த மழுப்பலையா மரியாதை என்பது?

செபதேயுவின் மனைவி தம் குமாரருக்கு உயர்ந்த ஆசனங்களைக் கேட்டபோது, இயேசு அந்தத் தாயைக் கடிந்துகொள்ளவில்லை. என்ன வேண்டும் என்று முதலில் கேட்டார். அது தாம் அருளுவதல்ல என்று தெளிவாகச் சொன்னார். நாமும் அவ்வாறே சொல்லக் கடவோம்.