பொங்கல் மேசையில் அறுத்தவர் எங்கே?

கனடாவில் ஜனவரி தமிழ் மரபுத் திங்கள். அந்த மாதத்தில் டொராண்டோவின் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய பராமரிப்பு வகுப்புகளில் பொங்கலுக்கென ஒரு மேசை போடுகிறார்கள். யூதர்களின் சுக்கோத், சீனர்களின் நிலாத் திருவிழா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா என்று ஆண்டு முழுக்க வரும் அறுவடை மேசைகளில் அதுவும் ஒன்று.

நான் தன்னார்வலராகப் போன ஒரு வகுப்பில் நான்கு இடங்கள் இருந்தன. காகிதப் பானைக்கு வண்ணம் தீட்டலாம். வண்ண அரிசியில் கோலம் போடலாம். அட்டை மாட்டின் கொம்பில் வளையம் எறியலாம். கரும்பு சுவைக்கலாம். இடத்துக்குப் பதினைந்து நிமிடம். சுவரில் 'சூரியனுக்கும் மாட்டுக்கும் நன்றி சொல்லும் விழா' என்று எழுதியிருந்தது. எட்டு வயதுக் குழந்தை ஒன்று கேட்டது: "அரிசியை யார் வெட்டினாங்க?" பதிலுக்கு, "உழவர்கள்" என்றார்கள்.

பிரச்சினை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. தஞ்சை வயலில் நட்டதும் அறுத்ததும் களத்தில் அடித்ததும் பெரும்பாலும் நிலமில்லாத தலித் மக்கள். நிலம் வேறு சாதிகளின் கையில் இருந்தது. 'உழவர்' என்ற ஒரே சொல் இருவரையும் ஒன்றாக்கிவிடுகிறது. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு அப்போது மூன்று வாரம்தான் இருந்தது.

இதை எட்டு வயதுக் குழந்தையிடம் சொல்ல முடியுமா? படுகொலையைச் சொல்ல வேண்டியதில்லை. பங்கைச் சொல்லலாம். வளையம் எறியும் இடத்தில் இந்த விளையாட்டை வைத்துப் பாருங்கள்.

நான்கு குழந்தைகள், நான்கு சீட்டுகள்: நடுபவர், அறுப்பவர், அடிப்பவர், நிலக்காரர். சீட்டைக் குலுக்கி எடுக்க வேண்டும். மூன்று பேர் 60 மொச்சைக் கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கரண்டியில் ஏந்திக் கூடைக்குக் கொண்டுபோக வேண்டும். நிலக்காரர் உட்கார்ந்திருப்பார். முடிவில் அவருக்கு 48, மற்ற மூவருக்கும் ஆளுக்கு 4. "இது நியாயமில்லை" என்ற குரல் எழும். அடுத்த சுற்றில் எப்படிப் பங்கிடுவது என்று குழந்தைகளே பேசி முடிவு செய்யட்டும்.

பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நடத்துபவர் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும்: "இங்கே சீட்டு குலுக்கலில் வந்தது, அடுத்த சுற்றில் மாறும். ஊரில் அது பிறப்பில் வந்தது, மாற்ற விடவில்லை." சாதி என்றால் என்ன என்பதற்குக் குழந்தைக்குப் புரியும் விளக்கம் இதுதான். பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, கூலி கேட்டுப் போராடியவர்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. தீண்டாமையை நடித்துக் காட்டச் சொல்லக் கூடாது. அப்படி நடிக்கும்போது ஒடுக்கப்பட்ட வீட்டுக் குழந்தைதான் மீண்டும் காயப்படும். "உங்க வீட்டுல நிலம் இருந்துச்சா? எந்த ஊர்?" என்று எந்தக் குழந்தையையும் கேட்கக் கூடாது. தமிழர்களுக்கு நடுவில் ஊர்ப் பெயரே பல நேரம் சாதி விசாரணைதான். ஒரு குழந்தை திடீரென அமைதியாகிவிட்டால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

பறை வைத்தாலும் இதே நேர்மை வேண்டும். 'பழந்தமிழர் இசைக்கருவி' என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. இதைச் சாவு வீட்டில் அடிக்கும்படி ஒரு சாதியைக் கட்டாயப்படுத்தினார்கள், அடித்ததற்காகவே இழிவும் செய்தார்கள், இன்று அந்த மக்களே அதை விடுதலையின் இசையாக்கியிருக்கிறார்கள். இந்த மூன்றையும் சொன்ன பிறகு குழந்தையின் கையில் குச்சியைக் கொடுங்கள்.

"விழா நாளில் எதற்குக் கசப்பு? வெள்ளைக்காரர் முன்னால் நம்மை நாமே தாழ்த்துவதா?" என்று நம்மவர்கள் கேட்பார்கள். ஆனால் வட அமெரிக்காவில், நன்றியறிதல் நாளுக்குக் காகித இறகுத் தொப்பி செய்ய வைக்கும் பழக்கத்தைப் பல பள்ளிகள் கைவிட்டுவிட்டன. நிலத்தை இழந்த பூர்வகுடிகளைப் பற்றிப் பேசாமல் அறுவடையைக் கொண்டாட முடியாது என்பதை அவர்கள் ஏற்றார்கள். அதை வரவேற்ற நாம், நம் வயலுக்கு மட்டும் விலக்குக் கேட்பது எப்படி?

2023 மார்ச்சில், சாதி ஒடுக்குமுறையைக் கையாள வழிவகுக்குமாறு ஒன்ராறியோ மனித உரிமை ஆணையத்தைக் கேட்டு டொராண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் தீர்மானம் நிறைவேற்றியது. சாதிப் பாகுபாடு மாகாண மனித உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று அதே ஆண்டு அக்டோபரில் ஆணையம் தெளிவுபடுத்தியது. சட்டம் பேசத் தொடங்கிவிட்டது. மரபு மேசை இன்னும் வாய் திறக்கவில்லை.

பானைக்கு வண்ணம் தீட்டட்டும், கரும்பும் தின்னட்டும். சுவரில் எழுதியிருக்கும் நன்றிப் பட்டியலில் மட்டும் சூரியனுக்கும் மாட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு வரியைச் சேருங்கள்: 'நிலமில்லாமல் அறுத்தவர்களுக்கு.'