ஆறாவது நாள் கணக்கு

போடிமெட்டுக்குக் கீழே, தமிழக அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். மலையேறி மூணாறு போனால், 2013 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவருக்கு 56தான். மூணாறிலும் பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும் தமிழ்வழிப் பள்ளிகளை நடத்தியவர்கள் தெம்பு குறையாத வயதிலேயே வெளியே வருகிறார்கள். பள்ளிக் குழுமத்தில் நிர்வாகி, தொண்டு நிறுவனத்தில் கல்வி ஆலோசகர் போன்ற வேலைகளுக்கு அவர்கள் பொருத்தமானவர்கள்தான். ஆனால் பயோடேட்டா அதைச் சொல்வதில்லை.

‘எம்.ஏ., பி.எட்., 30 ஆண்டு பணி, நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று எழுதி அனுப்புகிறார்கள். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2021 முதல் 2025 வரை ஒவ்வோர் ஆண்டும் 99 சதவீதத்தைத் தாண்டியது. நூறு என்றால் யார் புருவம் உயரும்?

அவர்களுடைய நிஜமான நிர்வாகத் திறமை ஜூன் மாதத்தில் தெரியும். பள்ளி திறந்த ஆறாவது வேலைநாளில் எண்ணப்படும் பிள்ளைகளை வைத்தே கேரளத்தில் ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயமாகின்றன. தேயிலைத் தோட்டக் குடும்பங்கள் கோடையில் தேனிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்த் தாமதமாகத் திரும்பினால் ஒரு வகுப்புப் பிரிவே பறிபோகலாம். கூடவே ஓர் ஆசிரியரும்.

ஒரு தலைமையாசிரியரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு அந்த நாளில் 9 பிள்ளைகள் வரவில்லை. மறு ஆண்டு மே மாதமே ஊருக்குப் போகும் குடும்பங்களைப் பட்டியலிட்டு, தோட்ட அலுவலகத்தில் பேசி, பெற்றோருக்குத் தேதியைத் தெரிவிக்கிறார். வராதவர்கள் இரண்டே பேர். பணியிடம் தப்புகிறது. இதை அவர் ‘மாணவர் சேர்க்கையை மேம்படுத்தினேன்’ என்று எழுதினால் வீண். ‘ஊருக்குப் போகும் குடும்பங்களை முன்கூட்டியே பட்டியலிட்டுத் தொடர்புகொண்டதால், ஆறாவது நாளில் வராத பிள்ளைகள் 9லிருந்து 2 ஆகக் குறைந்தனர், ஓர் ஆசிரியர் பணியிடம் நிலைத்தது’ என்று எழுதட்டும். பிரச்சினை, செய்த காரியம், விளைவு மூன்றும் வந்துவிட்டன.

அதே ஆண்டு பக்கத்துப் பள்ளி மூடப்பட்டு அங்கிருந்து சில பிள்ளைகள் வந்திருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பள்ளியின் 11 இலக்க யூடைஸ் எண்ணைத் தட்டினால் மாணவர் எண்ணிக்கையை யாரும் பார்க்கலாம். நேர்முகத்தில் மாட்டிக்கொள்வது அவமானம். ஆறாவது நாள் வருகை அதில் கிடைக்காது. பதிவேட்டு நகலை, பிள்ளைகளின் பெயர்களை மறைத்து, கையில் வைத்திருப்பது நல்லது.

‘தமிழ், மலையாளம் தெரியும்’ என்ற வரியும் இப்படித்தான் வீணாகிறது. மலையாளத்தில் வந்த சுற்றறிக்கையைப் பெற்றோர் கூட்டத்தில் தமிழில் விளக்கி, தீர்மானத்தை மலையாளக் கோப்பாக்கி கல்வி அலுவலகத்துக்கு அனுப்பியவர் அதை அப்படியே எழுதலாம். எல்லையோரப் பள்ளிகளில் திட்டம் நடத்தும் நிறுவனம் தேடுவது அந்த ஆளைத்தான். எல்லாம் இரண்டு பக்கத்துக்குள் அடங்கட்டும். கலந்துகொண்ட பயிற்சி முகாம்களின் பட்டியலை வெட்டினாலே பாதி இடம் கிடைத்துவிடும்.