கொட்டேஷனில் எழுதாத பலகை

‘கிச்சன் கேபினட், நல்ல பிளைவுட், சதுரஅடி 1,500 ரூபாய்’ என்று ஒரே வரியில் வரும் கொட்டேஷனுக்கு வீட்டுக்காரர் பதில் கடிதம் எழுதியே ஆகவேண்டும். அதில் முதலில் கேட்கவேண்டியது, எந்தச் சதுரஅடி என்பது. பத்தடி நீளம், இரண்டே முக்கால் அடி உயரமுள்ள கீழ் கேபினட்டை முன்பக்கம் மட்டும் அளந்தால் 27.5 சதுரஅடி. உள்ளே இரண்டடி ஆழத்தில் நிற்கும் ஆறு பக்கப் பலகைகளையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் 33 கூடும். ரேட் அதேதான், பில் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஆகவே ‘முன்பக்க அளவு மட்டும், பக்கப் பலகை, தட்டு, கீல் எல்லாம் இதில் அடக்கம்’ என்று எழுதி வாங்குங்கள். டிராயர் எத்தனை, சேனல் எத்தனை ஜோடி என்பதும் எண்ணாகவே இருக்கட்டும்.

அடுத்தது பிளைவுட். சிங்க் அடியில் ஈரம் தங்கும். அங்கே ‘18 மி.மீ., ஐஎஸ் 710’ என்றே குறிப்பிட வேண்டும். ‘வாட்டர் புரூஃப்’ என்ற சொல் எதற்கும் கட்டுப்படாது. இப்படியெல்லாம் எழுதினால் ரேட் ஏறும் என்பார் கான்ட்ராக்டர். ஏறட்டுமே, உண்மையான விலை அதுதான். ஏறாத ரேட்டில் மட்டமான பலகைதான் வரும். நம்பிக்கை இல்லையா என்றும் கேட்பார். அதற்குப் பதில் இதுதான்: லேமினேட் ஒட்டியபின் பலகையின் முத்திரை யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் ஒட்டுவதற்கு முன் பார்க்க அழைக்கவேண்டும் என்பதையும் கடிதத்தில் சேருங்கள்.